பழைய பில்லில் உள்ள எண்ணை அழையுங்கள்: சேலம் தொழிற்கூட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்துச் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். இளம்பிள்ளையில் விசைத்தறிச் சேலை நிறுவனம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்து வருகிறேன். நூலோ சாயமோ அட்டைப்பெட்டியோ அனுப்பும் சப்ளையரிடமிருந்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் பணம் செலுத்துங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால் கணக்காளர் என்ன செய்ய வேண்டும், அதைச் செய்ய நீங்கள் அவருக்கு எந்த அளவு இடம் கொடுக்க வேண்டும் என்பது குறித்தே இம்மடல்.

மார்ச் மாதம் மூன்றாவது வாரத்தில் எங்களுக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பதினோரு ஆண்டுகளாக எங்களுக்கு நூல் தரும் கோயம்புத்தூர் வியாபாரி. நாங்கள் கொடுக்க வேண்டியிருந்த தொகை 6,84,500 ரூபாய். ஆண்டுக் கடைசித் தணிக்கை காரணமாகப் பழைய கணக்கைச் சில நாட்கள் பயன்படுத்த இயலாது என்றும், இணைப்பில் உள்ள கணக்கிற்கு அன்றே ஆர்.டி.ஜி.எஸ். அனுப்புமாறும் அதில் எழுதியிருந்தது. லெட்டர்பேடில் கடிதம், முத்திரை, ரத்து செய்த காசோலையின் படம் எல்லாம் இணைக்கப்பட்டிருந்தன. இவற்றில் எதையும் கணினியில் உருவாக்க அரை மணி நேரம் போதும் என்பதால் நான் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் குழப்பியது மின்னஞ்சல் முகவரிதான்.

இவ்வகை மோசடியில் வழக்கமாக முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். `mills` என்று இருக்க வேண்டிய இடத்தில் `rnills` என்று இருந்தால் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. எனவே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அது அவர்களுடைய உண்மையான முகவரியேதான். போன வாரம் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே, அதன் கீழேயே வந்திருந்தது. அவர்களுடைய அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லை யாரோ கைப்பற்றி, கடிதப் போக்குவரத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிய வந்தது. “இது நீங்கள் அனுப்பியதுதானா?” என்று நான் அதற்குப் பதில் போட்டிருந்தால், கேள்வி திருடன் கைக்குப் போயிருக்கும், “ஆமாம்” என்று அவனே எழுதியிருப்பான். எங்களிடமிருந்து போகும் மின்னஞ்சல்கள் உரிமையாளரின் கண்ணில் படாமல் வேறு கோப்புறைக்குப் போகும்படி அந்தப் பெட்டியில் ஒரு விதியும் அமைக்கப்பட்டிருந்தது.

இதற்கிடையே என் உதவியாளர் கடமையுணர்வோடு ஒரு வேலை செய்திருந்தார். மின்னஞ்சலின் அடியில் இருந்த கைப்பேசி எண்ணுக்குப் பேசியிருந்தார். மறுமுனையில் ஒருவர் அசல் கோவைப் பேச்சில், “ஆமாங்க மேடம், மாத்திட்டோம்ங்க, அதுலயே போட்டு விடுங்க” என்று சொல்லி, பில் எண்ணையும் சரியாகக் கூறியிருக்கிறார். அச்செடுத்த தாளின் ஓரத்தில் “போனில் உறுதி செய்யப்பட்டது” என்று பென்சிலில் எழுதியிருந்தது. அந்த எண்ணையும் எங்கள் கோப்பில் இருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் வேறாக இருந்தன. உதவியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். தொலைபேசியில் பேசினாலே அது தனி வழி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் எண் எங்கிருந்து கிடைத்தது என்பதே கேள்வி. சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலிலிருந்து எடுத்த எண், அந்த மின்னஞ்சலை எழுதியவனிடமே நம்மைக் கொண்டு சேர்க்கும். அவர்களாகவே அழைத்து “கணக்கு மாறியது உண்மைதான்” என்று சொல்வதும் இதே வகைதான். அப்போது இணைப்பைத் துண்டித்துவிட்டு, நம்மிடம் உள்ள எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் லாரியில் சரக்கோடு வந்த டெலிவரி சலானை எடுத்து, அதில் அச்சடித்திருந்த தரைவழித் தொலைபேசி எண்ணை அழைத்தேன். பழகிய குரலான அவர்களுடைய காசாளர் எடுத்தார். “நாங்க எங்கங்க கணக்க மாத்துனோம்? பதினோரு வருசமா அதே பேங்க்தானுங்களே” என்றார். இங்கே ஒரு சிறிய நுணுக்கம் உண்டு. புதிய கணக்கு எண்ணை நாம் வாசித்துக்காட்டி “இது சரியா?” என்று கேட்டால், வேலை மும்முரத்தில் இருப்பவர் காதில் வாங்காமலேயே “ஆமாம்” என்பார். ஆகவே எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் என்ன என்று அவரையே சொல்ல வைத்தேன். அவர் சொன்னவை பழைய கணக்கோடு பொருந்தின.

நான் இவ்வளவும் செய்துகொண்டிருந்தபோது எங்கள் முதலாளியிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு முறை செய்தி வந்தது: “நல்ல பார்ட்டி, லேட் பண்ணாம போட்டு விடுங்க.” அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வருடக் கடைசியில் சப்ளையருக்குப் பாக்கி வைக்க யாருக்கும் மனம் வராது. மோசடிக்காரன் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வங்கி இதைக் கண்டுபிடித்துத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை உங்களில் பலருக்கு இருக்கிறது. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டிலும் பணம் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் வைத்தே வரவாகிறது. நாம் எழுதும் பெயரை வைத்து அல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் அனுப்புவதற்கு முன் பெறுநரின் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. அதை அவசியம் பயன்படுத்துங்கள். திரையில் சம்பந்தமில்லாத ஒருவரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் பெயர் பொருந்துவதால் மட்டும் கணக்கு சப்ளையருடையது என்று ஆகிவிடாது. “டிரேடர்ஸ்” என்று முடியும் ஒத்த பெயரில் வேறு யாரும் நடப்புக் கணக்கு தொடங்கியிருக்கலாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். கணக்கு மாற்றக் கோரிக்கை வந்தால், கோப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணில் பேசி உறுதியாகும் வரை பணத்தை நிறுத்திவைக்கக் கணக்காளருக்கு உரிமை கொடுங்கள். அந்தத் தாமதத்துக்காக அவரைத் திட்டாதீர்கள். யார், எந்த எண்ணில், யாரோடு, எத்தனை மணிக்குப் பேசினார் என்பதை அந்தக் கோரிக்கையின் மேலேயே எழுதி வைக்கட்டும். டேலியில் சப்ளையரின் வங்கி விவரத்தையும் தொலைபேசி எண்ணையும் மாற்றுபவர் ஒருவராகவும், பணத்தை அனுப்ப ஒப்புதல் தருபவர் வேறொருவராகவும் இருக்கட்டும். மின்னஞ்சலைப் பார்த்து யாராவது டேலியில் எண்ணைத் திருத்திவிட்டால், அடுத்த முறை “பழைய எண்” என்று நாம் நம்பி எடுப்பதே திருடனுடைய எண்ணாகிவிடும். நான் காகிதச் சலானைத் தேடிப் போனது அதற்காகத்தான். புதிய சப்ளையருக்கு இப்படிப் பழைய தாள் எதுவும் இராது. முதல் ஆர்டரின்போதே நேரில் போய், அல்லது அவரை நமக்கு அறிமுகம் செய்தவரிடம் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் பேசி, `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதியுங்கள். அந்தக் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் முடக்கினால்தான் எதுவும் மிஞ்சும்.

நீங்களும் வேறு யாருக்கோ சப்ளையர்தான் என்பதால் இன்னொரு வேண்டுகோள். அடுத்த பில் புத்தகம் அச்சடிக்கும்போது, “எங்கள் வங்கிக் கணக்கு மாறியதாக மின்னஞ்சல் வந்தால் பணம் அனுப்புமுன் இந்த எண்ணில் பேசவும்” என்று ஒரு வரி சேர்த்து, எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணைக் கீழே போடுங்கள். கோயம்புத்தூர் வியாபாரியின் பில்லில் இப்போது அந்த வரி இருக்கிறது.

இப்படிக்கு,
இளம்பிள்ளையிலிருந்து ஒரு கணக்காளர்