இடமில்லை என்றால் இழப்பீடு உண்டு

ஆசிரியருக்கு,

விமானப் பயணிகளின் புகார்கள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். வெளிநாட்டுப் பயணத்தில் வழியில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது லேஓவர்; அதற்கு மேல் தங்கினால் ஸ்டாப்ஓவர். இதை டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துக்கொள்கிறோம், சரி. ஆனால் இருக்கைகளைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்றுவிட்டு, நேரத்துக்கு வந்தவரையே ஏற்றாமல் விட்டால் என்ன கேட்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சென்ற ஆண்டு மும்பை போகக் கோவை விமான நிலையத்துக்கு நேரத்தோடு வந்த என் தம்பியிடம், "சீட் ஃபுல், நாளைக் காலை போங்க" என்று சொல்லி, ஒரு சாப்பாட்டுக் கூப்பனை நீட்டினார்கள். அவனும் வாங்கிக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். விதிப்படி, விட்டுக்கொடுக்க முன்வருவோர் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் இல்லாமல், 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப்போல் இரு மடங்கு, அதிகபட்சம் ரூ.10,000 தர வேண்டும். அவனுடைய ரூ.4,200-க்கு ரூ.8,400 வந்திருக்கும். அதற்கும் தாமதமானால் நான்கு மடங்கு, ரூ.20,000 வரை. இந்த விவரத்தைச் செக்-இன் கவுன்ட்டர்களில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருப்பூர்