செட்டிநாட்டு உரக்கடைக்காரர்களுக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் உள்ள உரக்கடைகளில் பையில் உள்ள குறிப்பைச் சுருக்கி எழுதி ஒட்டும் வழக்கம் வந்திருக்கிறது. கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தைக் குனிந்து தேடும் எங்களுக்கு அது உண்மையிலேயே உதவி. ஆனால் அந்தச் சுருக்கத்தில் எது விடுபடுகிறது என்பதைச் சென்ற ஆண்டு என் உளுந்துச் செடிகள் எனக்குக் காட்டின.

நெல் அறுத்தபின் கண்மாயடி வயலில் உளுந்து போட்டிருந்தேன். நீரில் கரையும் 19:19:19 உரம் வாங்கிய கடையில், அட்டையில் "தெளிப்பு: 5 கிலோ" என்று எழுதியிருந்தது. ஏக்கருக்கு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து கிலோவை 200 லிட்டர் நீருக்குப் பங்கிட்டு, 16 லிட்டர் டேங்குக்கு 400 கிராம் போட்டு அடித்தேன். ஓரிரு நாளில் இலை ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டன. பிறகுதான் பையைத் திருப்பிப் பார்த்தேன். "ஹெக்டேருக்கு 5 கிலோ, 500 லிட்டர் நீரில்" என்று அச்சிட்டிருந்தது. அதாவது லிட்டருக்கு 10 கிராம். நான் அடித்ததோ 25 கிராம். எண் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது, அதோடு வர வேண்டிய "ஹெக்டேருக்கு" என்ற சொல்லும் நீரின் அளவும்தான் அட்டைக்கு வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: பையில் உள்ளதை எடுத்தெழுதும்போது ஒரு பத்தியில் அச்சிட்டபடியே, அலகோடும் நீரளவோடும் எழுதுங்கள்; நம் ஏக்கருக்கும் டேங்குக்கும் மாற்றிய கணக்கை வேறொரு பத்தியில் எழுதுங்கள். இரண்டும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், பின்னால் தவறு வந்தாலும் அது அச்சிலா கணக்கிலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பையை வைத்தே நான் எழுதிப் பார்த்தது கீழே உள்ளது.

| விவரம் | பையில் உள்ளபடி | நம் கணக்கு |
|---|---|---|
| சத்து | தழை, மணி, சாம்பல் தலா 19% | – |
| இலைவழித் தெளிப்பு | ஹெக்டேருக்கு 5 கிலோ, 500 லிட்டர் நீரில் | ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் நீரில். 16 லிட்டர் டேங்குக்கு 160 கிராம் |
| இடைவெளி | 15 நாள் | – |
| கலக்கக் கூடாதது | கால்சியம் உள்ள உரங்கள் | – |
| சொட்டுநீர் அளவு | பையில் இல்லை | – |

ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்பதால் உரத்தையும் நீரையும் ஒருசேர இரண்டரையால் வகுக்க வேண்டும். கணக்கு சரிதானா என்பதை லிட்டர் அளவே சொல்லிவிடும்: பையின்படி 5,000 கிராமை 500 லிட்டரால் வகுத்தால் 10, டேங்கின்படி 160 கிராமை 16 லிட்டரால் வகுத்தாலும் 10. இரண்டும் ஒத்துவராவிட்டால் அட்டையை ஒட்டாதீர்கள். முதல் வரியில் உள்ள 19% என்பது உரத்துக்குள் இருக்கும் சத்தின் பங்கு. தெளிக்கும் கரைசலின் அளவன்று. இரண்டையும் சதவீதத்தில் சொல்வதுண்டு என்பதால் வயதான சம்சாரிகள் குழம்புகிறார்கள். அதனால்தான் அதற்குத் தனி வரி ஒதுக்கினேன்.

கடைசி வரியை வெற்றாக விடாமல் "பையில் இல்லை" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. வெற்றிடத்தைப் பார்த்தால் யாராவது தெளிப்பு அளவையே அங்கும் நிரப்பிவிடுவார்கள். சொட்டுநீரில் விடுவது வேறு கணக்கு. அதுபோலவே சில பைகளில் "லிட்டருக்கு 5 முதல் 10 கிராம்" என்று வரம்பு கொடுத்திருக்கும். இரண்டு எண்களையும் எழுதுங்கள். மேல் எண்ணை மட்டும் எழுதினால், இளம்பயிருக்கும் அதையே அடிப்போம்.

"கலக்கக் கூடாதது" என்ற வரி பெரும்பாலான அட்டைகளில் இடமில்லாமல் போகிறது. 19:19:19 உரத்தில் மணிச்சத்து இருக்கிறது. கால்சியம் நைட்ரேட்டை அதே டேங்கில் போட்டால் இரண்டும் சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகி, நாசிலை அடைக்கும். சத்தும் இலைக்குப் போகாது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் இரண்டையும் தெளிப்பு அளவிலேயே கரைத்து அரை மணி நேரம் வைத்தால், கலங்கலோ அடிவண்டலோ காட்டிக்கொடுக்கும். தெளிவாக இருந்துவிட்டாலும் பையில் கூடாது என்றிருந்தால் கூடாதுதான்.

அட்டையின் மூலையில் எந்தப் பையிலிருந்து எடுத்தது என்று உரத்தின் முழுப் பெயரையும் எழுதிய தேதியையும் குறித்துவிடுங்கள். வேறு நிறுவனத்தின் 19:19:19 வந்து இறங்கும் நாளில் பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிய பையைப் படித்து மீண்டும் எழுத வேண்டும். முடிந்தால் 160 கிராமை உங்கள் தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு டம்ளரில் கோடு போட்டுக் கொடுங்கள்; வயலில் தராசு கிடையாது.

இங்ஙனம்,
கல்லல் பக்கத்துக் கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்