மிகைப்பொருத்தமா, மிகைப்பொருத்தலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான இயந்திரக் கற்றல் கலைச்சொல் பட்டியலை என் மாணவர்களுக்குப் படியெடுத்துக் கொடுத்தேன். பாலிடெக்னிக் ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் இந்தப் பாடத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியலில் பெரும்பாலான சொற்கள் வகுப்பில் நன்றாகவே நின்றன. ஓவர்ஃபிட்டிங்குக்கு ‘மிகைப்பொருத்தம்’, கிரேடியன்ட்டுக்குச் ‘சரிவு’ என்று தந்திருந்த இரண்டும் மட்டும் பிள்ளைகளைத் தவறான வழியில் கொண்டுபோய்விட்டன. எப்படி என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மிகைப்பொருத்தம். தேர்வில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: ‘மிகைப்பொருத்தம் உடைய மாடல் மற்றவற்றைவிடச் சிறந்தது.’ அவளைக் குறை சொல்ல முடியாது. ‘பொருத்தம்’ என்று கேட்டதும் தமிழ்க் காதில் கல்யாணப் பேச்சுதான் ஒலிக்கும். எட்டுப் பொருத்தம் இருந்தால் நல்லது, பத்தும் இருந்தால் இன்னும் நல்லது. அது மிகையாக இருந்தால் கெடுதல் என்று எந்த வீட்டிலும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு குறையின் பெயர் பாராட்டாகக் காதில் விழுகிறது.

அந்தக் குறையை நான் வகுப்பில் காட்டும் கணக்கு இது. நடந்து போகும் தூரத்தையும் ஆகும் நேரத்தையும் குறித்துக்கொண்டோம். ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம், இரண்டுக்கு 19, மூன்றுக்கு 31, நான்குக்கு 38, ஐந்துக்கு 52. இந்த ஐந்து புள்ளிகளுக்கும் மீச்சிறு வர்க்க முறையில் ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் அதன் சாய்வு 9.9, வெட்டுத்துண்டு 0.7. கோடு எந்தப் புள்ளியையும் தொடவில்லை. சராசரியாக ஒன்றரை நிமிடம் விலகி நிற்கிறது. அதே புள்ளிகளுக்கு நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தினால் வளைவு ஐந்தையும் தொட்டுவிடுகிறது, பிழை சுழியம். பிள்ளைகள் கைதட்டினார்கள். மொத்தம் ஆறு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று இரண்டிடமும் கேட்கச் சொன்னேன். நேர்கோடு 60 நிமிடம் என்றது. வளைவு 107 நிமிடம் என்றது. ஐந்து கிலோமீட்டரை 52 நிமிடத்தில் கடந்தவர் அடுத்த ஒரே கிலோமீட்டருக்கு 55 நிமிடம் எடுத்துக்கொள்வாராம்!

வழியில் ஒருவர் நின்று தண்ணீர் குடித்தது, ரயில்வே கேட் மூடியிருந்தது என்று ஒவ்வொரு அளவிலும் தற்செயலாக இரண்டு நிமிடம் கூடும், குறையும். வளைவு அந்தத் தற்செயலையும் விதி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. குறை வளைவின் இயல்பில் இல்லை, பொருத்தியவர் செய்த வேலையில் இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தாமல் மேலும் மேலும் பொருத்திவிட்டார். ஆகவே நமக்குத் தேவை ஒரு பண்பின் பெயர் அன்று, ஒரு செயலின் பெயர். ‘மிகைப்பொருத்தல்’ என்று ஒரே ஓர் எழுத்தை மாற்றினேன். ‘தல்’ வந்து அமர்ந்ததும் கல்யாணப் பொருத்தம் விலகிவிடுகிறது. ‘மிகைப்படுத்தல்’ என்ற பழகிய சொல் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. மிகைப்படுத்திப் பேசுவது நல்லதில்லை என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதன் எதிர்ப்பக்கமான ‘குறைப்பொருத்தல்’ என்பதும் அதே அச்சில் அமைந்துவிடுகிறது.

‘மனப்பாடம்’ என்றே வைத்துவிடலாமே என்று சக ஆசிரியர் கேட்டார். விளக்குவதற்கு அது அருமையான உவமை, நானும் சொல்கிறேன். சொல்லாக வைத்தால் குறுகிவிடும். பயிற்சித் தரவை அப்படியே ஒப்பிக்காத மாடலும் மிகைப்பொருத்தலில் விழும். பயிற்சிப் பிழை தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்க, ஒதுக்கி வைத்த தரவில் பிழை ஏறத் தொடங்குகிறதா என்பதுதான் அதற்கான அடையாளம்.

அடுத்தது ‘சரிவு’. இதில் ஏற்பட்ட குழப்பம் இன்னும் ஆழமானது. அதே நடைக் கணக்கில் வெட்டுத்துண்டை விட்டுவிட்டு, நேரம் என்பது தூரத்தின் w மடங்கு என்று மட்டும் வைத்து, w-வைப் படிப்படியாகத் திருத்தச் சொன்னேன். தொடக்கத்தில் w 15. சராசரி வர்க்கப் பிழை 268. அந்த இடத்தில் கிரேடியன்ட், அதாவது g, 108. படி அளவு 0.01. திருத்தும் வரி இது:

```
w = w - 0.01 * g
```

w 13.92 ஆகிறது, பிழை 164 ஆக இறங்குகிறது. ஒரு மாணவன் கணினியில் கழித்தல் குறியை எடுத்துவிட்டுக் கூட்டல் குறி போட்டிருந்தான். w 16.08-க்குப் போனது, பிழை 397-க்கு ஏறியது. அடுத்த படியில் இன்னும் ஏறியது. ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். ‘சரிவு என்றால் கீழே போகிற திசைதானே, ஐயா? அதைக் கழித்தால் மேலே அல்லவா போவோம்?’ என்றான். பங்குச்சந்தை சரிவு, மலைச்சரிவு என்று அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்? கிரேடியன்ட் காட்டுவது பிழை எந்தப் பக்கம் மிக வேகமாக ஏறுகிறது என்பதை. இறங்க வேண்டுமானால் அதற்கு எதிரே போக வேண்டும், கழித்தல் குறி அதற்காகத்தான் நிற்கிறது. சொல் அந்தக் குறியைப் பொய்யாக்கிவிட்டது.

பத்தாம் வகுப்பிலேயே படித்த ‘சாய்வு’ போதாதா என்று நானும் முதலில் நினைத்தேன். திசையில் அது தவறு செய்யாது. ஆனால் நம் கணக்கில் w தானே நேர்கோட்டின் சாய்வு! பிழையின் சாய்வைக் கொண்டு கோட்டின் சாய்வைத் திருத்து என்று கரும்பலகை முன் நின்று சொல்லிப் பாருங்கள், பின்வரிசை அங்கேயே நின்றுவிடும். வெட்டுத்துண்டையும் சேர்த்துத் திருத்தும்போது கிரேடியன்ட்டுக்கு இரண்டு கூறுகள் வரும். அது ஓர் எண் அன்று, திசையுடைய வெக்டர்.

இப்போது நான் ‘ஏறுசாய்வு’ என்கிறேன். ஏறுவரிசை, இறங்குவரிசை என்று தொடக்கப் பள்ளியிலிருந்தே பிள்ளைகள் அறிந்த அமைப்பு. ஏறுசாய்வு ஏறும் திசையைக் காட்டுகிறது, நாம் இறங்க வேண்டும், ஆகவே கழிக்கிறோம். கழித்தல் குறியை எடுத்த அதே மாணவன் இதைக் கேட்டதும், ‘அப்படியானால் குறி சரிதான்’ என்று தானாகவே திருத்திக்கொண்டான். கிரேடியன்ட் டிசென்ட்டுக்கு ‘ஏறுசாய்வு எதிரிறக்கம்’ என்று எழுதுகிறோம். சற்று நீளம்தான். ஆனால் செய்முறை முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இலங்கைப் பாடநூல்களில் கோட்டின் சாய்வுக்குப் ‘படித்திறன்’ என்பதே வழக்கு. அங்கே படித்தவர்களிடம் அதை மாற்றச் சொல்வது முறையாகாது. உங்கள் பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்துத் தர வேண்டும். மாடல் என்பதை நான் தமிழாக்கவே இல்லை. ‘மாதிரி’ என்று எழுதினால், தொகுப்பிலிருந்து எடுக்கும் கூறையும் அதே சொல்லால் குறிக்கிறோமே! கணினித் திரையில் பிள்ளைகள் ஆங்கிலப் பெயர்களைத்தான் பார்க்கப் போகிறார்கள். ஆகவே ஒவ்வொரு சொல்லும் முதன்முதலில் வரும் இடத்தில் ஒலிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

பட்டியலின் அடுத்த பகுதி வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அதை அச்சுக்கு அனுப்பும் முன், ஒவ்வொரு சொல்லையும் ஒரு கணக்கில் வைத்து, தமிழ்வழியில் படித்த நான்கைந்து மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். என் வகுப்பில் 14 பேர் இருக்கிறார்கள். எந்தச் சனிக்கிழமையும் வரலாம்.

அன்புடன்,
கணித ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.