கால் பரிசோதனை: ‘ஆமா’ என்பதை அப்படியே பதியாதீங்க

தாதியர் அனைவருக்கும் வணக்கம். நீரிழிவு நோயாளிகளின் கால் பரிசோதனை பற்றி ஒரு விஷயம்.

10 கிராம் மோனோஃபிலமென்ட்டை முதலில் கையில் தொட்டுக் காட்டுங்க. பிறகு கண்ணை மூடச் சொல்லுங்க. பெருவிரல் அடியிலும், முதல், ஐந்தாம் விரல்களின் அடிமேட்டிலும் செங்குத்தாக வைத்து, இழை வளையும்வரை அழுத்தி எடுங்க. மொத்தம் 2 வினாடி. காய்ப்பு இருந்தால் அதன் மேல் வைக்காமல் ஓரத்தில் வையுங்க, தடித்த தோலில் உணர்வு தெரியாது.

ஒவ்வோர் இடத்திலும் 3 முறை கேட்கணும், அதில் ஒரு முறை தொடாமலே. இரண்டு பதில் சரியென்றால் உணர்வு உண்டு. சிக்கல் இங்கேதான். எல்லாத்துக்கும் ‘ஆமா’ சொல்லும் பாட்டிக்கும் 3-ல் 2 சரியாகிவிடும்! அதனால் “தெரியுதா?” என்பதோடு “எந்தக் கால்?” என்றும் கேளுங்க. தொடாதபோதும் ‘ஆமா’ என்றால், மறுபடி விளக்கி அந்த இடத்தைத் திரும்பச் செய்யுங்க. வரிசை நீளமாக இருந்தாலும் இதை விடாதீங்க.

128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைப் பெருவிரல் நுனி எலும்பின் மேல்புறம் வையுங்க. “என்ன தெரியுது?” என்று கேளுங்க. ‘சில்லுன்னு இருக்கு’ என்றால் அது உலோகக் குளிர்ச்சி, அதிர்வு இல்லை. இதிலும் ஒரு முறை அதிராமல் வைக்கணும். விரலில் தெரியாவிட்டால் கணுக்கால் எலும்பில் பாருங்க.

ஒரே இழையில் 10 பேரைப் பார்த்ததும் 24 மணி நேரம் ஓய்வு கொடுங்க. தளர்ந்த இழை சீக்கிரமே வளைந்துவிடும். உணர்வு இருக்கும் காலும் இல்லாததுபோல் காட்டும்.