ஒரே பெரிய வாடிக்கையாளரை வைத்து நிறுவனம் நடத்துபவர்களுக்கு

வணக்கம்.

சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் நான். "வருமானத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்தே வருகிறது, புது வாடிக்கையாளர் பிடிக்க வேண்டும்" என்று உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து, விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னதாக அவர் சொல்ல வேண்டும் என்று பாருங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மாத வருமானம் 100, அதில் பெரியவர் தருவது 60 என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கேற்ப ஏறி இறங்கும் செலவு வருமானத்தில் 30 சதவீதம். சம்பளம், வாடகை என்று மாறாத செலவு 55. கையில் 15 மிஞ்சும். பெரியவர் போய்விட்டால் மீதி 40-இல் 28தான் நிற்கும். மாதாமாதம் 27 துண்டு விழும்.

அவருக்கென்றே வைத்திருக்கும் ஆட்களின் சம்பளம் 20. அவர்களை வேறு வேலைக்கு மாற்றவோ, முறைப்படி கணக்கு முடித்து அனுப்பவோ மூன்று மாதம் ஆகும். அதன்பிறகு துண்டு 7 ஆகிவிடும். அந்த இடத்துக்குப் புது வேலை வர எட்டு மாதம் என்று கொள்வோம். இரண்டையும் விலகுவதாக அவர் சொன்ன நாளிலிருந்து எண்ணுங்கள்.

அவர் 1 மாதம் முன்னால் சொன்னால், இரண்டு மாதம் 27, ஐந்து மாதம் 7, ஆக 89 நட்டம். 3 மாதம் முன்னால் சொன்னால் 35. ஒரு புது வாடிக்கையாளர்கூட வராமலே குழி பாதிக்கும் கீழே வந்துவிட்டது!

சும்மா கேட்டால் தரமாட்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, "ஓராண்டுக்கு விலையை ஏற்றமாட்டோம், பதிலுக்கு 90 நாள் அறிவிப்பு வேண்டும்" என்று கேளுங்கள். முடியாது என்றால், வேலையை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கும்படியாவது எழுதி வாங்குங்கள்.

அவர் விலகுவது வேறு, நொடித்துப்போவது வேறு. விலகினால் பழைய பாக்கி வந்துசேரும், குழியில் பெரும்பகுதியை அதுவே மூடும். நொடித்தால் பாக்கியும் சேர்ந்து போகும். 60 நாள் கடன் என்றால் அது 120, மேலே சொன்ன 89-ஐவிடப் பெரிது. இதற்கு அறிவிப்புக் காலம் உதவாது, கடன் நாளைத்தான் குறைக்க வேண்டும். மாதம் ஒரு பில்லை இரண்டு பில்லாக்கினாலே கொஞ்சம் குறையும். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை, சோம்பல்தான் காரணம்.

அப்புறம், ஒரே குழுமத்தின் மூன்று பிரிவுகளுக்குத் தனித்தனியாகப் பில் போடுவதால் மூன்று வாடிக்கையாளர் ஆகிவிடாது. கணக்கில் அவர்களை ஒன்றாகவே சேருங்கள்.

45 நாளில் வந்த பணம் 58, 66 என்று நகர்கிறதா, உங்களோடு பேசிவந்தவர் மாறி கொள்முதல் பிரிவு விலைப்பட்டியல் கேட்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அவர் விலகப்போகும் இந்த அறிகுறிகள் தெரிந்தபின் 90 நாள் அறிவிப்பு கேட்டால், பெரும்பாலும் 30 நாள்கூடக் கிடைக்காது.

இப்படிக்கு,
உங்கள் பேரேடுகளைப் பார்க்கும் ஒருவன்