உள்ளூர் ஆர்டருக்கு லாஸ்ட் எடுக்கும் முன்: வட ஆற்காடு காலணித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை காலணித் தொழிற்கூட உரிமையாளர்களுக்கும் கொள்முதல் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

ஷூவுக்கு உருக்கொடுக்கும் கால்வடிவ அச்சுதான் லாஸ்ட். ஏற்றுமதி ஆர்டருக்கு எந்த லாஸ்ட் என்பதை வாங்குபவரே சொல்லிவிடுகிறார். அது யார் காலுக்கு என்பது அவர் பாடு. பள்ளிக்கூட ஷூ, செக்யூரிட்டி ஷூ, உள்ளூர்க் கடைச் சரக்கு என்று வரும்போதோ ரேக்கில் ஏற்கெனவே கிடக்கும் லாஸ்டை எடுத்து ஓட்டிவிடுவது எளிதாகப் படுகிறது. நீளத்தையும் சுற்றளவையும் சரிபார்க்கிறோம். லாஸ்ட் நேரானதா, வளைந்ததா என்று பார்ப்பவர் குறைவு.

லாஸ்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். குதிகாலின் நடுவில் ஒரு கோடு போட்டு முன்னே நீட்டினால், அது விரல்கள் தொடங்கும் அகலமான இடமான ஜாயிண்ட் பகுதியை ஏறக்குறைய இரு சம பாகமாக வெட்டிப் போனால் நேரான லாஸ்ட். ஜாயிண்ட் பகுதி கட்டைவிரல் பக்கம் ஒதுங்கியிருந்தால் வளைந்த லாஸ்ட். முனை கூர்மையா, உருண்டையா என்பது வேறு சங்கதி. பக்கவாட்டில் பார்க்கும்போது முனை மேலே தூக்கியிருப்பதும் வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் பெரும்பாலும் இடம் வலம் பார்க்காமல் ஒரே நேர் லாஸ்டில்தான் ஷூ செய்தார்கள். இடது, வலது என்று பிரிந்த பிறகுதான் எவ்வளவு வளைப்பது என்ற கேள்வியே வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தட்டைப்பாதத்துக்கு நேர் லாஸ்ட், குழி அதிகமுள்ள பாதத்துக்கு வளைந்த லாஸ்ட் என்று கடைகளில் சொல்வார்கள். ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்க்கவும் சொல்வார்கள். ஈரச்சுவடு காட்டுவது பாதத்தின் உள்குழியை. லாஸ்ட் பொருந்த வேண்டியதோ பாதத்தின் வெளிக்கோட்டு உருவத்தோடு. உள்குழி ஆழமாக இருந்தும் முன்பாதம் நேராக இருப்பவர்கள் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுவோருக்குச் சுவடு பார்த்து ஓட்ட ஷூ கொடுத்துச் சோதித்தபோது (2009, 2010இல் வெளியான முடிவுகள்) காயங்கள் குறையவில்லை. ஆகவே சுவட்டை விட்டுவிட்டுக் கோட்டுருவம் எடுங்கள்.

எடுப்பதில் ஒரு தவறு சகஜம். பென்சிலை உள்பக்கம் சாய்த்து ஓட்டினால் அது உள்குழிக்கு அடியில் புகுந்து, நேரான பாதத்தையும் வளைந்ததாகக் காட்டிவிடும். பென்சில் செங்குத்தாக நிற்க வேண்டும். முழுப் பென்சிலின் தடிமன் சுமார் 7 மி.மீ. என்பதால் கோடு பாதத்திலிருந்து 3.5 மி.மீ. தள்ளி விழும். பென்சிலை நீளவாக்கில் பிளந்து, தட்டைப் பக்கம் காலை ஒட்டும்படி பிடித்தால் அந்தப் பிழை போய்விடும். ஆள் நின்றபடி, இரு காலிலும் எடை சமமாக இருக்க, மாலை வேளையில் எடுப்பது நல்லது. இரண்டு காலையும் தனித்தனியே எடுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

பிறகு குதிகாலின் பின்நுனியிலிருந்து 20 மி.மீ., 50 மி.மீ. தூரங்களில் குறுக்கே அளந்து நடுப்புள்ளி வைத்து, இரண்டையும் இணைத்து விரல்கள் வரை நீட்டுங்கள். எலும்பியல் மருத்துவர்களும் இந்தக் கோட்டைப் பார்ப்பதுண்டு. இரண்டாம் விரலிலோ, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலோ வெட்டினால் இயல்பு. மூன்றாம் விரலில் வெட்டினால் லேசான உள்வளைவு. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே என்றால் நடுத்தரம். அதையும் தாண்டினால் மிகுதி. அந்தக் காலுக்குப் பொதுச் சரக்கு ஒத்துவராது, தனியாகத்தான் செய்ய வேண்டும்.

லாஸ்டின் அடிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அடிவிளிம்போடு வெட்டி, உரித்துத் தாளில் பரப்பினால் அதன் கோட்டுருவம் கிடைக்கும். அதே முறையில் நடுக்கோடு போட்டு, பாதத்தின் கோட்டுருவத்தின்மேல் கோட்டோடு கோடு பொருத்தி வையுங்கள். பாதம் லாஸ்டின் அடியைவிட அகலமாகத் தெரியும். அது பிழையல்ல, காலின் பக்கங்கள் உருண்டு கீழிறங்குவதால் அப்படித்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது, இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வெளியே நிற்கிறதா என்பதை.

ஒரு கணக்கு பார்ப்போம். பாதம் 260 மி.மீ. நீளம். ஜாயிண்ட் பகுதியில் நடுக்கோட்டிலிருந்து உள்பக்கம் 46, வெளிப்பக்கம் 54 மி.மீ. லாஸ்டின் அடியிலோ உள்பக்கம் 46, வெளிப்பக்கம் 40. பாதத்தின் மொத்த அகலம் 100, லாஸ்ட் 86. மிச்சம் 14 மி.மீ. பக்கத்துக்கு 7 என்று பிரிந்திருந்தால் தொல்லையில்லை. இங்கே உள்பக்கம் மிச்சமே இல்லை, 14ம் வெளிப்பக்கம் விழுகிறது. லாஸ்டின் முன்பாதம் 7 மி.மீ. வெளியே போக வேண்டும். குதிகாலிலிருந்து ஜாயிண்ட் வரை சுமார் 180 மி.மீ. என்பதால் இது 2 டிகிரிக்குச் சற்று மேல். காதில் விழும்போது சின்ன எண்தான். சுண்டுவிரலுக்கு அது சின்னதல்ல.

இந்தக் கால் இந்த ஷூவுக்குள் போனால் ஷூவின் மேல்பாகமான அப்பர் வெளிப்பக்கம் சோலின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும், சுண்டுவிரல் மூட்டில் காய்ப்பு வரும், உள்ளே கால் பதியும் விரிப்பை எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் அடையாளம் ஓரத்தில் ஏறியிருக்கும். வளைந்த பாதம் நேர் லாஸ்டில் போனால் கதை வேறு: கட்டைவிரல் மூட்டு உள்பக்கம் இடிக்கும், பாதத்தின் நடுவில் வெளிப்புறமாகத் துருத்தும் எலும்பு உரசும், சுண்டுவிரல் பக்கம் இடம் சும்மா கிடக்கும். இரு பக்கமும் ஒருசேரப் பிதுங்கினால் அது அகலக் குறை. வளைவின்மேல் பழி போட வேண்டாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலுக்கு இடிப்பதே தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். உணர்ச்சியற்ற பாதங்களுக்கான செருப்பில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் நீண்ட அனுபவம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைக்காரர் செய்வது ஒரு சைஸ் கூட்டிக் கொடுப்பது. ஓர் ஆங்கில சைஸ் 8.47 மி.மீ. ஜாயிண்ட் அதில் சுமார் 6 மி.மீ. முன்னே போய்விடும், ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் விலகும். பிதுங்கல் குறையலாம், தீராது. சுற்றளவைக் கூட்டினாலும் அடி அகலம் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் ஏறும். கோணல் அப்படியே இருக்கும்.

மாதிரி ஜோடிக்காக லாஸ்டின் வெளிப்பக்கம் தோல் ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் உள்பக்கம் அதே அளவு அரைத்து எடுக்காவிட்டால் சுற்றளவு கூடி, நீங்கள் சோதிப்பது வேறொன்றாகிவிடும். லாஸ்ட் மாறினால் இன்சோல், ஷேங்க், சோல் மோல்டு, அப்பர் பேட்டர்ன் எல்லாம் மாற வேண்டும். செலவு மோல்டில்தான் என்பதை அறிவோம். அதற்காகப் பழைய அப்பரைப் புது லாஸ்டில் இழுத்தால் அப்பர் முன்பகுதியின் நடுக்கோடு திரும்பும், நாக்கு ஒரு பக்கம் சாயும், ஒரு பக்கம் சுருக்கம் விழும். லாஸ்டிங் ஆள் எவ்வளவு இழுத்தாலும் அது போகாது.

மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமான சிஎல்ஆர்ஐ 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்திய சைஸ் முறை வந்து நீளமும் சுற்றளவும் ஒழுங்கானாலும், உங்கள் ரேக்கில் இருக்கும் லாஸ்டின் வளைவை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவே. அடுத்த உள்ளூர் ஆர்டருக்கு முன், யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களில் 50 பேரின் இரு கால் கோட்டுருவங்களையும் எடுத்து, நடுக்கோடு எங்கே வெட்டுகிறது என்று வரிசைப்படுத்துங்கள். நடுவில் குவியும் கூட்டத்துக்கு எந்த லாஸ்ட் பக்கத்துக்குப் பக்கம் சமமாக மிச்சம் விடுகிறதோ அதை எடுங்கள். புது லாஸ்ட் சொல்லும்போது நீளம், சுற்றளவோடு ஜாயிண்டில் உள்பக்கம் இத்தனை, வெளிப்பக்கம் இத்தனை என்றும் ஆர்டர் தாளில் எழுதுங்கள். மாதிரி வந்ததும் டேப் ஒட்டி அளந்து பார்த்த பிறகே மோல்டுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
லாஸ்ட், பேட்டர்ன் வேலை பார்ப்போர்,
வேலூர் வட்டாரம்