பதின்மூன்று என்ற ஒரே எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில், "ஆணோ, பெண்ணோ, குழந்தையோ, யாராக இருந்தாலும் ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இறங்கினால் அது ரத்தசோகைதான்" என்று ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம், என் பேத்தி. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை. பிறந்தபோது ஹீமோகுளோபின் 17.2. ஒன்பதாவது வாரத்தில் வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது 10.1. எடுத்த இடத்தில் எல்லா வயதுக்கும் ஒரே அளவை அச்சடிக்கும் வழக்கம். 10.1-க்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில், குறைவு என்பதற்கான 'L' போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என் மகள் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, "என் பாலில்தான் சத்து இல்லையா அம்மா?" என்று அழுதாள். நான் ஊரில் இல்லாத மூன்று நாளில், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று இரும்புச்சத்து சொட்டு மருந்து உள்ளே போய், குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டது.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கருப்பைக்குள் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்டத்தான் அத்தனை சிவப்பணுக்களோடு பிறக்கிறது. பிறந்து மூச்சு விட்டதும் ஆக்சிஜன் தாராளமாகிவிடுகிறது. அப்புறம், "சிவப்பணு செய்" என்று எலும்பு மஜ்ஜைக்கு ஆணையிடும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் ஏறக்குறைய நின்றுபோகிறது. பழைய அணுக்கள் அழிகின்றன. பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும், பச்சைக் குழந்தையுடையது அதைவிடச் சீக்கிரம் போய்விடும். குழந்தையோ வேகமாக வளர்கிறது, ரத்தத்தின் மொத்த அளவு கூடுகிறது. அதனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 9.5-க்கும் 11-க்கும் நடுவில் வந்து நிற்கும். அங்கே வந்ததும் ஆக்சிஜன் போதவில்லை என்று உடம்புக்கே தெரிந்து, ஹார்மோன் மறுபடி சுரந்து, அளவு ஏறத் தொடங்கும். அழிந்த அணுக்களின் இரும்பு குழந்தையின் உடம்பிலேயே சேமிப்பாக இருப்பதால் சொட்டு மருந்து இந்த இறக்கத்தைத் தடுக்காது. குறைமாதக் குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்கு இன்னும் கீழே இறங்கும், இரும்பும் தேவைப்படும், அதை மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். நிறைமாதக் குழந்தைக்கு 9-க்குக் கீழே போனாலோ, மஞ்சள் காமாலை விடாமல் இருந்தாலோ, பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினாலோதான் கவலை. என் பேத்திக்கு இது எதுவும் இல்லை. மருந்தை நிறுத்தினோம். ஐந்தாவது மாதம் 11.4.

இதே கணக்குதான் மலைக்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபாய்ட்டினைக் கூட்டுகிறது. போன முதல் சில நாளில் அளவு ஏறுவது ரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றுவதால். சிவப்பணு உண்மையிலேயே பெருக வாரக் கணக்கில் ஆகும். என் தம்பி 3,500 மீட்டர் உயரத்தில் இரண்டு வருடம் சாலை வேலையில் இருந்தான். அவனுக்கு 17.4. கீழே வந்த இரண்டாம் நாள் பரிசோதனை செய்தவர்கள், ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று பயமுறுத்தி அனுப்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அந்த உயரத்துக்கு 2.5 கழிக்க வேண்டும். கழித்தால் 14.9. ஆணுக்கு இது சாதாரண அளவு.

ஆனால் அவனோடு வேலை பார்த்த ஒருவரைத்தான் நான் மறக்கமாட்டேன். அவருக்கு அதே உயரத்தில் 14.2. உங்கள் கட்டுரைப்படி 13-க்கு மேல், ஆகவே நலம். அங்கே பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவரோ படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார், உயரம் அப்படித்தான் என்றார்கள். 14.2-இல் 2.5 போனால் 11.7. அது ரத்தசோகை. மூல நோயால் மாதக் கணக்கில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது என்பது கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பச்சைக் குழந்தையை நோயாளி ஆக்குகிற அதே 13, இந்த மனிதரின் நோயை மறைத்துவிட்டது, ஐயா. இந்தக் கழித்தல்கூட எல்லோருக்கும் சமமாகப் பொருந்தாது. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழும் திபெத்தியர்களின் அளவு, அதே உயரத்தில் வாழும் ஆண்டிஸ் மலை மக்களுடையதைவிடக் குறைவாகவே இருக்கும், அவர்களுடைய மரபணு அப்படி.

இதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வருடம் இதே பக்கத்தில், பெண்களுக்கு அளவு குறைவாக இருப்பது மாதவிடாயால் மட்டுமே என்று எழுதினீர்கள். அன்றே கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் வரவில்லை. ஐந்து முதல் பதினொரு வயது வரை பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லைதான், 11.5. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஆணின் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் அவனுக்கு 13, அவளுக்கு 12. புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்த ஹார்மோனை அடக்கும் சிகிச்சை எடுக்கும் ஆண்களுக்கு ஹீமோகுளோபின் இறங்குவதை என் மேசையிலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாதவிடாய்க்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் 12 இருந்தால் போதும் என்று பெண்களை அனுப்பிவிடுவதும் தவறு. என் மகளுக்கே பிரசவத்துக்கு முன்னால் 12.3 இருந்தது. எந்நேரமும் களைப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. அவளுக்கு 8 இருந்தது. அவளுக்கு இரும்பு தேவைப்பட்டது, அவள் குழந்தைக்குத் தேவைப்படவில்லை. உங்கள் வாக்கியத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பிரித்தறிவது? அந்தக் கட்டுரைக்குக் கீழேயே அரைப் பக்கத்துக்கு டானிக் விளம்பரம் போட்டிருந்தது என்னை இன்னும் வருத்தியது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் நான்கு வரி போதும். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் 10.5, ஐந்து வயதுக்குள் 11, பெண்ணுக்கு 12, கர்ப்பத்தின் முதல், கடைசி மூன்று மாதங்களில் 11, நடு மூன்று மாதங்களில் 10.5, ஆணுக்கு 13. எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. 500 மீட்டருக்கு மேல் வாழ்பவர்கள் உயரத்துக்கு ஏற்பக் கழிக்க வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரிப்போர்ட்டைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிடக்கூடாது என்றும் சேர்த்துப் போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
பதினான்கு வருடமாக உங்கள் இதழை வாங்கும் வாசகி